கட்டுப்பாட்டுக் கோலும் மறை வெப்பநிலைக் குணகமும்: திருகோணமலை உயர்தர மாணவர் கேட்ட கேள்விகளும் பதில்களும்

அணு உலையில் கட்டுப்பாட்டுக் கோலை உயர்த்தினால் வலு கூடும், இறக்கினால் குறையும். அவ்வளவுதானே சேர்?

வகுப்பில் ஆண்டுதோறும் முதலில் வரும் கேள்வி இதுதான். அவ்வளவுதான் என்று நான் சொல்லிவிட்டால் மீதி எதுவும் விளங்காது. தண்ணீர்க் குழாயைத் திருகினால் அதற்கேற்ற அளவு நீர் வருவதைப் போல, கோலின் ஒவ்வொரு உயரத்துக்கும் ஒரு வலு உண்டு என்று நினைத்துக்கொள்கிறோம். கோல் உண்மையில் மாற்றுவது வலுவை அல்ல, வலு வளரும் வீதத்தை. வட்டிக் கணக்குத் தெரிந்தவர்களுக்கு இது எளிது: கோல் கையில் இருக்கும் பணத்தைத் தொடுவதில்லை, வட்டி வீதத்தைத்தான் தொடுகின்றது. கோலைச் சற்று உயர்த்தினால், யுரேனியக் கருவைப் பிளக்கும் நியூத்திரன்களை விழுங்கும் பொருள் சற்றுக் குறைகிறது. ஒவ்வொரு தலைமுறை நியூத்திரன்களும் முந்தைய தலைமுறையைவிடச் சிறிது கூடுதலாகப் பிறக்கின்றன. கோல் அதே இடத்தில் அசையாமல் நின்றாலும் வலு ஏறிக்கொண்டே போகும். அந்த ஏற்றத்தை வேறொன்று வந்து நிறுத்த வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் மின்னுலையில், அதாவது மின்சாரம் பிறப்பிக்கும் அணு உலையில், அதை நிறுத்துவது வெப்பநிலை.

ஆகவே நீரைக் கொதிக்கவிடாமல் உயர் அழுத்தத்தில் வைத்திருக்கும் அழுத்த நீர் உலையில், அதாவது கடலுக்கு அப்பால் கூடங்குளத்தில் 2013 இல் மின்வலையோடு இணைந்த உலையின் இனத்தில், சுழலிக்குப் போகும் நீராவியின் அளவை மாற்றாமல் கோலை மட்டும் சற்று உயர்த்தினால், வலு கொஞ்ச நேரம் ஏறி, நீரைச் சூடாக்கி, பின்னர் பழைய அளவுக்கே திரும்பிவிடும். மாறி நிற்பது நீரின் வெப்பநிலை மட்டுமே. நிலையான ஓட்டத்தில் வலுவைத் தீர்மானிப்பது சுழலி. அந்த வலுவை எந்த வெப்பநிலையில் கொடுப்பது என்பதைத் தீர்மானிப்பது கோல். இந்த ஒரு வாக்கியம் பிடிபட்டால் கீழே வருபவை எல்லாம் அதன் விளக்கம்தான்.

தாக்குதிறன் என்றால் சரியாக என்ன?

ஒரு தலைமுறையில் 1000 நியூத்திரன்கள் இருந்து அடுத்த தலைமுறையிலும் 1000 இருந்தால் பெருக்கற் காரணி k = 1; உலை சமநிலையில் இருக்கிறது. 1001 ஆனால் k = 1.001. சமநிலையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறோம் என்பதைக் காட்டும் எண்தான் தாக்குதிறன்:

ρ = (k − 1) / k

இந்த எண் மிகச் சிறியது என்பதால் இலட்சத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு அதனைப் பிசிஎம் என்பார்கள். மேலே சொன்ன 1001 என்பது ஏறக்குறைய 100 பிசிஎம். தாக்குதிறன் பூச்சியம் என்றால் உலை நின்றுவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். அது பிழை. பூச்சியம் என்றால் வலு மாறாமல் இருக்கிறது என்றே பொருள். அந்த வலு 1 வாற்றாகவும் இருக்கலாம், 3000 மெகாவாற்றாகவும் இருக்கலாம்.

இனி ஆயிரத்துக்கு ஒன்று என்னும் இந்தச் சிறு விலகல் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். நீர் உலையில் ஒரு நியூத்திரன் பிறந்து, வேகம் குறைந்து, அடுத்த பிளவை உண்டாக்க ஏறக்குறைய செக்கனின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போதும் என்று வைத்துக்கொண்டால், ஒரு செக்கனில் 10,000 தலைமுறைகள். 1.001 ஐப் பத்தாயிரம் தடவை பெருக்கினால் ஏறக்குறைய 22,000 வரும். ஒரு செக்கனில் வலு 22,000 மடங்கானால் எந்த மனிதனும் எந்த மோட்டரும் அதைப் பிடிக்க முடியாது.

அப்படி நடக்காததற்குக் காரணம், யுரேனியம் 235 பிளவில் வரும் நியூத்திரன்களில் 0.65 சதவீதம், அதாவது ஆயிரத்தில் ஆறோ ஏழோ, உடனே வருவதில்லை. அவை பிளவுத் துண்டுகள் சிதைவடைந்த பின்னரே, சில செக்கன்கள் முதல் ஒரு நிமிடம் வரை தாமதித்து வருகின்றன. தாக்குதிறன் 650 பிசிஎம்முக்குக் கீழே இருக்கும்வரை, உலை இந்தப் பிந்தி வரும் சிலருக்காகக் காத்திருந்தே வளர வேண்டியிருக்கிறது. அதனால் 100 பிசிஎம் கொடுத்தால் வலு ஏறக்குறைய 2.7 மடங்காக ஒரு நிமிடம் போல எடுக்கும். கோலை மோட்டர் வைத்து நகர்த்திக் கட்டுப்படுத்த முடிவது அந்த ஆறேழு நியூத்திரன்களின் புண்ணியத்தால்தான்.

சூடு கூடினால் எல்லாத் தாக்கமும் வேகமாகத்தானே நடக்கும்? பிளவு மட்டும் ஏன் குறைய வேண்டும்?

இரசாயனவியல் பாடத்தின் பழக்கத்தில் வரும் நல்ல கேள்வி. இரசாயனத் தாக்கத்தில் சூடு தடையைத் தாண்ட உதவுகிறது. கருப்பிளவில் தாண்டுவதற்கு அப்படியொரு தடை இல்லை. அங்கே கேள்வி, பிறந்த நியூத்திரன் பிளவைச் செய்யும் முன் எங்கே தொலைந்து போகிறது என்பதுதான். சூடு கூடும்போது தொலையும் வழிகள் கூடுகின்றன. முக்கியமான வழிகள் இரண்டு.

முதலாவது எரிபொருள் வில்லைக்குள்ளேயே நடக்கிறது. வில்லையில் பெரும்பகுதி யுரேனியம் 238. அது வேகமான நியூத்திரனையும் பெரிதாகத் தொடாது, மெதுவான நியூத்திரனையும் பெரிதாகத் தொடாது. இடையிலே சில குறிப்பிட்ட சக்திகளில், உதாரணமாக 6.67 இலத்திரன்வோற்றில், வரும் நியூத்திரனை விடவே விடாது. இதுவே பரிவு உறிஞ்சல். வில்லை சூடானால் யுரேனியக் கருக்கள் கூடுதலாக அதிர்கின்றன. அதிரும் கருவின் பார்வையில் நியூத்திரனின் சக்தி சற்றுக் கூடியும் குறைந்தும் தெரிவதால், உறிஞ்சும் உச்சி தணிந்து, அதன் இரு பக்கமும் அகலமாகின்றன. இது டொப்ளர் விளைவு.

உச்சி தணிந்தால் உறிஞ்சலும் குறையத்தானே வேண்டும் என்று சென்ற ஆண்டு ஒரு மாணவி எழுந்து கேட்டாள். நியாயமான மறுப்பு. அவளுக்கு வலையைக் காட்டித்தான் சொன்னேன். உள்துறைமுகத்தில் ஒரு நீரோட்டத்துக்குக் குறுக்கே, ஒரு மீனும் தப்பாதபடி நான்கு மடிப்பு வலையை ஒரே இடத்தில் கட்டியிருக்கிறீர்கள். அந்த மடிப்புகளைப் பிரித்து அதே வலையை அகலமாக விரித்தால், பழைய இடத்தில் வலை மெலிந்தாலும் அங்கே வருகிற மீன் இன்னும் தப்பாது; புதிதாக விரிந்த பக்கங்களிலோ முன்பு தப்பிய மீன்கள் மாட்டும். மொத்தப் பிடிபாடு கூடுகிறது. பரிவு உச்சியிலும் அதுவே: அங்கே வருகிற நியூத்திரன் முன்பும் பிழைக்கவில்லை, இப்போதும் பிழைக்கவில்லை, ஓரத்தில் வருகிறவைதான் புதிதாகப் பிடிபடுகின்றன.

இரண்டாவது வழி நீரில் இருக்கிறது. அழுத்த நீர் உலையில் நீர்தான் நியூத்திரன்களின் வேகத்தைத் தணிக்கும் தணிப்பானும்கூட. 300 °C அளவில் இருக்கும் நீர் மேலும் சூடாகி விரிந்தால், அதே இடத்துக்குள் ஐதரசன் கருக்கள் குறைவு. நியூத்திரன்கள் சரியாக மெதுவாவதில்லை. பரிவுச் சக்திகளில் கூடுதல் நேரம் அலைந்து யுரேனியம் 238 இல் தொலைகின்றன.

இவ்விரண்டுக்கும் இடையே உள்ள பெரிய வேறுபாடு நேரம். பிளவின் வெப்பம் வில்லைக்குள்ளேயே பிறப்பதால் டொப்ளர் விளைவு உடனடியாக வேலை செய்கிறது. அந்த வெப்பம் வில்லையைக் கடந்து, உறையைக் கடந்து, நீரை அடைய சில செக்கன்கள் ஆகும்.

இது இஸ்திரிப்பெட்டியின் தெர்மோஸ்ரற் மாதிரியா?

பயனளவில் மாதிரி, அமைப்பளவில் இல்லை. தெர்மோஸ்ரற்றில் ஓர் உலோகத் தகடு வளைந்து சுற்றைத் துண்டிக்க வேண்டும். அது துருப்பிடிக்கலாம், ஒட்டிக்கொள்ளலாம். வீட்டுத் தண்ணீர்த் தாங்கியின் மிதவை வால்வும் அப்படியே. நம்மூர் உப்புக் காற்றில் அது எத்தனை நாள் உழைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். டொப்ளர் விளைவுக்கு உணரி இல்லை, கம்பி இல்லை, மின்சாரம் வேண்டாம். எரிபொருளையும் அது செய்யும் வேலையையும் தனித்தனியே பிரிக்க முடியாது.

யாரும் கோலைத் தொடாமல் உலை தன்னை ஒழுங்குபடுத்தும் என்பதை ஒரு கணக்கால் காட்ட முடியுமா?

முடியும். ஓர் அழுத்த நீர் உலை 90 சதவீத வலுவில் சீராக ஓடுகிறது என்று கொள்வோம். வெப்பநிலை ஒரு பாகை ஏறும்போது தாக்குதிறன் எவ்வளவு மாறுகிறது என்பதே வெப்பநிலைக் குணகம். கணக்கு எளிதாக இருக்க, இத்தகைய உலைகளுக்குப் பொருந்தும் வட்டமான எண்களை எடுக்கிறேன்: எரிபொருளின் வெப்பநிலைக் குணகம் ஒரு பாகைக்கு மறை 2.5 பிசிஎம், நீரின் வெப்பநிலைக் குணகம் ஒரு பாகைக்கு மறை 30 பிசிஎம்.

மாலை ஆறரை. ஊரெங்கும் விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. மின்வலை கூடுதல் மின்சாரம் கேட்கிறது. சுழலியின் நீராவி வால்வு இன்னும் சற்றுத் திறக்கிறது. நீராவி பிறப்பாக்கியிலிருந்து கூடுதல் வெப்பம் வெளியேறுவதால், அங்கிருந்து உலைக்குத் திரும்பும் நீர் முன்பைவிடச் சற்றுக் குளிர்ந்து வருகிறது. உலை அறிவது இந்தக் குளிரை மட்டுமே.

குளிர்ந்த நீர் அடர்த்தியானது. நியூத்திரன்கள் நன்றாகத் தணிகின்றன. தாக்குதிறன் பூச்சியத்திலிருந்து நேர்ப் பக்கம் நகர்கிறது. வலு ஏறத் தொடங்குகிறது. வலு ஏற எரிபொருள் சூடாகிறது. பூச்சிய வலுவிலிருந்து முழு வலு வரை எரிபொருளின் சராசரி வெப்பநிலை 300 °C உயரும் என்று எடுத்தால், 10 சதவீத ஏற்றத்துக்கு 30 °C. அது கழிப்பது 30 × 2.5 = 75 பிசிஎம். இந்த 75 ஐ ஈடுசெய்ய நீர் 75 ÷ 30 = 2.5 °C குளிர்ந்திருந்தால் போதும்.

ஆகவே உலை 100 சதவீத வலுவில், முன்பைவிட 2.5 °C குறைந்த சராசரி நீர் வெப்பநிலையில், தாக்குதிறன் மீண்டும் பூச்சியமாகி நிற்கிறது. எந்தக் கோலும் அசையவில்லை. மின்சாரம் கேட்டது வால்வு, கொடுத்தது உலை, இருவருக்கும் இடையே செய்தி கொண்டுபோனது நீர்.

வால்வைத் திரும்ப மூடினால் இதே கதை மறுபக்கமாக நடக்கும்: வெப்பம் வெளியேற வழி குறைந்து, நீர் சூடாகி, வலு தானே இறங்கும். பரீட்சைக்கு இந்த இரண்டு வரிசைகளையும் அம்புக்குறி போட்டு எழுதிப் பழகுங்கள். எந்தப் படியில் குறி மாறுகிறது என்பதைத்தான் பெரும்பாலானோர் தவறவிடுகிறார்கள்.

அப்படியானால் கோல் எதற்கு?

மேலே விட்ட 2.5 °C ஐத் திரும்பக் கொண்டுவருவதற்கு ஒன்று. நீர் குளிர்ந்தால் நீராவியின் அழுத்தமும் குறைகிறது. சுழலிக்கு அது பிடிக்காது. ஆகவே கோலைச் சற்று உயர்த்தி வெப்பநிலையை உரிய இடத்தில் வைக்கிறார்கள். மாதக்கணக்கில் எரிபொருள் தேய்வதை ஈடுசெய்வது கோலின் வேலை அல்ல; அதற்கு நீரில் போரிக் அமிலம் கரைத்து, எரிபொருள் தேயத்தேயப் போரனைக் குறைத்து வருவார்கள். முழு வலுவில் ஓடும் அழுத்த நீர் உலையில் கோல்கள் பெரும்பாலும் முழுவதும் மேலே தூக்கிய நிலையிலேயே இருக்கும் என்பது பலருக்கு ஆச்சரியம்.

மற்றொன்று, நிறுத்துவதற்கு. வெள்ளி, இந்தியம், கட்மியம் கலந்த உலோகமோ போரன் காபைட்டோ நிரப்பிய அந்தக் கோல்களைத் தூக்கிப் பிடித்திருப்பது மின்காந்தம். மின்சாரத்தைத் துண்டித்தால் அவை தம் எடையாலேயே ஓரிரு செக்கன்களில் விழுந்துவிடும். மின்சாரம் போவதே நிறுத்தும் கட்டளையாகிவிடுகிறது. இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

கோலைச் சட்டென்று முழுவதும் பிடுங்கினாலும் மறைக் குணகம் காப்பாற்றுமா?

மின்னுலையில் அதைச் செய்து பார்க்க யாரும் விடமாட்டார்கள். ஆனால் இதற்கென்றே அமைத்த ஆய்வுலை உண்டு. 1956 இல் பௌதிகவியலாளர்களான எட்வர்ட் டெல்லரும் பிரீமன் டைசனும் இருந்த ஒரு குழு, மாணவர் கையில் கொடுத்தாலும் பாதுகாப்பாக இருக்கும் உலை ஒன்றை வடிவமைக்க முனைந்தது. அதன் விளைவு டிரைகா. நமக்கு அருகே பங்களாதேசத்தின் சாவரில் அத்தகைய உலை ஒன்று இருக்கிறது.

டிரைகாவின் எரிபொருளில் யுரேனியத்தோடு சேர்க்கோனியம் ஐதரைட்டும் கலந்திருக்கிறது. தணிக்கும் ஐதரசனில் ஒரு பெரும் பங்கு எரிபொருளுக்குள்ளேயே இருப்பதால், எரிபொருள் சூடான அதே கணத்தில் தணிப்பானும் சூடாகிறது. சூடான ஐதரசன் நியூத்திரன்களை மெதுவாக்குவதற்குப் பதிலாக அவற்றுக்குச் சக்தியைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்குகிறது. இதன் மறைக் குணகம் மின்னுலையின் டொப்ளரைவிடச் சில மடங்கு பெரியது, தாமதமும் இல்லை.

துடிப்பு இயக்கம் என்று ஒன்றை இந்த உலையில் செய்வார்கள். ஒரு கோலை அழுத்தக் காற்றால் மேலே எறிந்து, 650 பிசிஎம் என்று முன்பு சொன்ன எல்லையையே தாண்டவைப்பார்கள். வலு நூற்றுக்கணக்கான மெகாவாற்று வரை பாய்கிறது. நீருக்குள் ஒரு நீல ஒளி வெட்டி மறைகிறது. சில பத்து மில்லிசெக்கன்களில் வலு தானே விழுந்துவிடுகிறது. எறிந்த கோல் அப்போதும் மேலேதான் இருக்கிறது. உலையை அடக்கியது கோல் அல்ல, சூடான எரிபொருள்.

குணகம் எவ்வளவு பெரிய மறையெண்ணோ அவ்வளவு நல்லதுதானே?

இல்லை. மறைப் பின்னூட்டல் இரு பக்கமும் வெட்டும். சூடானால் தாக்குதிறனைக் கழிக்கும் அதே குணகம், குளிர்ந்தால் கூட்டும். உலையை நிறுத்தி அறை வெப்பநிலைக்குக் குளிர வைக்கும்போது சில ஆயிரம் பிசிஎம் திரும்பி வருகிறது. அதை மூடக் கோலும் போரனும் போதுமானவையாக இருக்க வேண்டும்.

இதில் மோசமான நிலை நீராவிக் குழாய் உடைவது. நீராவி கட்டுப்பாடில்லாமல் வெளியேற, நீர் வேகமாகக் குளிர்கிறது. கோல்கள் விழுந்து நின்றுபோன உலை, குளிரால் மீண்டும் உயிர் பெறப் பார்க்கிறது. எரிபொருள் சுற்றின் முடிவில், அதாவது புது எரிபொருள் ஏற்றும் காலம் நெருங்கும்போது, நீரின் குணகம் மறை 60, 70 பிசிஎம் வரை போகக்கூடும். அப்போதுதான் இந்த ஆபத்து அதிகம். அதனால் பாதுகாப்புக் கணக்குப் போடும்போது, மிகவும் பலமான ஒரு கோல் விழாமல் மேலேயே சிக்கிக்கொண்டது என்று எடுத்துக்கொண்டு, மீதிக் கோல்களும் உள்ளே செலுத்தும் போரன் நீரும் போதுமா என்று பார்க்கிறார்கள்.

சுற்றின் தொடக்கத்திலோ எதிர்ப் பிரச்சினை. அப்போது நீரில் போரன் அதிகம். நீர் விரியும்போது நியூத்திரனை விழுங்கும் போரனும் சேர்ந்தே வெளியேறுவதால் குணகம் பூச்சியத்தை நெருங்கும், கவனிக்காவிட்டால் நேராகவும் ஆகலாம்.

தாமதமும் ஒரு குறைதான். இளவயதில் இங்கே ஓர் ஐஸ் தொழிற்சாலையில் டீசல் ஜெனரேட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐஸ் உடைக்கும் இயந்திரம் தொடங்கியதும் வேகம் இறங்கும், கவர்னர் பிந்தி விழித்து எண்ணெயைக் கூட்டும், வேகம் தாண்டி ஏறும், பிறகு குறைக்கும். விளக்குகள் மூச்சு விடுவதுபோல மங்கி மங்கி எரியும். பின்னூட்டல் மறைதான், ஆனால் நேரம் தப்பியது. நீரின் பின்னூட்டல் மட்டும் இருந்தால் உலையும் இப்படி ஊசலாட இடமுண்டு. உடனடியாக வரும் டொப்ளர் அதைத் தணிக்கிறது.

செர்னோபிலில் ஏன் இது வேலை செய்யவில்லை?

அங்கே தணிப்பான் நீர் அல்ல, கிராபைட் எனப்படும் காரீயம். நீர் குளிர்விக்கவே ஓடியது. நியூத்திரன்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் விழுங்கும் பொருளாகவே இருந்தது. நீர் கொதித்துக் குமிழானால் விழுங்குவது குறையும், தணிப்பதற்கோ காரீயம் அப்படியே இருக்கும். ஆகவே கொதிப்பு கூடக்கூட வலு கூடியது. எரிபொருளின் டொப்ளர்க் குணகம் அந்த உலையிலும் மறைதான் என்பதைக் கவனியுங்கள். தாழ்ந்த வலுவில் எரிபொருள் அவ்வளவு சூடாக இல்லாததால் குமிழ்களின் நேர்க் குணகம் அதை வென்றுவிட்டது. 1986 ஏப்ரில் 26 அன்று உலை 200 மெகாவாற்று வெப்ப வலுவில், கோல்கள் பெரும்பாலும் வெளியே இழுக்கப்பட்ட நிலையில் இருந்தது.

அதிகாலை 1 மணி 23 நிமிடம் 40 செக்கனுக்கு நிறுத்தும் பொத்தான் அழுத்தப்பட்டது. அந்தக் கோல்களின் கீழே காரீயத் துண்டுகள் தொங்கின. கோல் மேலிருந்து இறங்கத் தொடங்கியபோது, உலையின் அடிப்பகுதியில் விழுங்கிக்கொண்டிருந்த நீரை முதலில் அந்தக் காரீயம் தள்ளிவிட்டது. நிறுத்த வந்த கோல் முதல் சில செக்கன்களில் தாக்குதிறனைக் கூட்டியது. முழுவதும் இறங்க 18 செக்கன் வேண்டும். உலைக்கு அவ்வளவு நேரம் இருக்கவில்லை. பின்னர் அந்த இனத்தின் மற்ற உலைகளில் எரிபொருளைச் செறிவூட்டி, கூடுதல் உறிஞ்சிகளை நிரந்தரமாக வைத்து, கோல்களின் அமைப்பையும் வேகத்தையும் மாற்றினார்கள்.

மறைக் குணகம் இருந்தால் உலை உருகவே உருகாதா?

உருகலாம். பின்னூட்டல் அடக்குவது பிளவை மட்டுமே. பிளவு நின்ற கணத்தில்கூட, பிளவுத் துண்டுகளின் சிதைவால் முழு வலுவின் 6 முதல் 7 சதவீதம் வரை வெப்பம் வருகிறது. ஒரு மணி நேரத்துக்குப் பின்னும் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம். 3000 மெகாவாற்று உலையில் அது 45 மெகாவாற்று. அதற்குக் குணகம் கிடையாது, கோலும் கிடையாது. தண்ணீர் ஓட வேண்டும். 1979 இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டிலும் 2011 இல் யப்பானின் புகுஷிமாவிலும் பிளவு நின்ற பிறகே எரிபொருள் உருகியது.

குணகம் மறையாகத்தான் இருக்கிறது என்று எப்படி அறிவார்கள்? கணக்கை நம்புவதா?

அளக்கிறார்கள். புது எரிபொருள் ஏற்றியதும் உலையை மிகத் தாழ்ந்த வலுவில், எரிபொருளும் நீரும் ஒரே வெப்பநிலையில் இருக்கும்படி, சமநிலைக்குக் கொண்டுவருவார்கள். கோல்களையும் போரனையும் தொடாமல், நீராவியைச் சற்றுக் கூடுதலாக வெளியேற்றி நீரை இரண்டு மூன்று பாகை குளிர விட்டு, பிறகு அதேபோலச் சூடேறவும் விடுவார்கள். நியூத்திரன் அளவியின் குறிப்பிலிருந்து தாக்குதிறனைக் கணித்து, வெப்பநிலைக்கு எதிராக வரைபில் போடுவார்கள். நீங்கள் ஆய்வுகூடத்தில் போடும் அதே நேர்கோடு. அதன் சாய்வுதான் இரண்டு குணகங்களின் கூட்டுத்தொகை. அதிலிருந்து கணித்த டொப்ளர்ப் பங்கைக் கழித்தால் மீதி நீரின் பங்கு.

குளிரும்போதும் சூடேறும்போதும் எடுத்த இரண்டு கோடுகளின் சாய்வுகள் ஒத்துப்போகாவிட்டால், இடையில் போரனின் செறிவு மாறியிருக்கிறதா, வெப்பநிலை மிக வேகமாக மாறியதா என்று பார்த்து மீண்டும் அளப்பார்கள். சாய்வு அனுமதித்த எல்லைக்கு மேலே, நேர்ப் பக்கமாக நின்றால் அப்படியே வலுவை ஏற்ற மாட்டார்கள். கோல்களை எந்த உயரத்துக்கு மேல் இழுக்கக்கூடாது என்று ஒரு வரம்பு போடுவார்கள். கோல் சற்று உள்ளே இருந்தால் சமநிலைக்குத் தேவையான போரன் குறையும். போரன் குறைந்தால் நீரின் குணகம் மீண்டும் மறைப் பக்கம் இறங்கும்.